கோபுர உளுந்து எத்தனை கிராம்?

கேள்வி: "காரைக்குடிப் பக்கம் இருக்கிறேன். அம்மாவின் சமையலை வைத்துத் தமிழில் ஒரு சேனல் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஊரில் பார்க்கிறவர்கள் 'இது எங்களுக்குத் தெரிந்ததுதானே' என்கிறார்கள். வெளிநாட்டில் பார்க்கிறவர்கள் 'அப்படியே செய்தேன், வரவில்லை' என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வீடியோ போட முடியுமா? எந்தச் சமையலை எடுப்பது, எப்படிக் காட்டுவது?"

முடியும். நான் தேவகோட்டையில் இருந்து எட்டு வருடமாகச் சேனல் நடத்துகிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் அப்பாவோடு கல்யாணச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் பார்த்தவரை, "அப்படியே செய்தேன், வரவில்லை" என்று எழுதுகிறவர் நாம் சொன்னதை அப்படியேதான் செய்திருப்பார். வீடியோவில் நாம் வாயால் சொன்னது ஒன்று, நம் கை செய்தது வேறொன்று. அந்த இடைவெளி ஊரில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் அதே டம்ளர், அதே அரிசி, அதே அடுப்பு என்பதால் கை தானாகச் சரிசெய்துவிடும். கடல் தாண்டிப் போனால்தான் அது வெளியே வரும்.

இதை எனக்குப் புரியவைத்தது வெள்ளைப் பணியாரம். சேனலின் இரண்டாம் வருடத்தில் அந்த வீடியோவைப் போட்டேன். நம் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற அளவைத்தான் நானும் சொன்னேன்: ஒரு டம்ளர் பச்சரிசி தலை தட்டி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து. அப்பத்தா சொன்னது, அம்மா சொன்னது, நான் சொன்னது எல்லாம் இதுதான். கனடாவில் இருந்து ஒரு அக்கா எழுதினார்: "தம்பி, மூன்று தடவை செய்துவிட்டேன். மூன்று தடவையும் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்றுதான் வருகிறது." எண்ணெய் காயவில்லையா, மாவு நேரமாகிவிட்டதா, அரிசி புதுசா என்று நானும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். கடைசியில், அளக்கிற பாத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா என்றேன். அது 240 மில்லி அளவுக் கப். ஆழம் குறைவு, வாய் அகலம்.

அன்று இரவே எடைத்தராசை எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 200 மில்லி பிடிக்கும், வாய் 7 சென்டிமீட்டர். தலை தட்டிய பச்சரிசி 170 கிராம். மேலே நின்ற உளுந்துக் கோபுரம் 20 கிராம் சொச்சம். அப்புறம் அந்த அக்காவின் கப்பைப் போலவே, 9.5 சென்டிமீட்டர் வாய் உள்ள ஒரு கப்பில் அதையே செய்தேன். அரிசி 200 கிராம். உளுந்தோ 50 கிராம். அரிசி கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, உளுந்து மட்டும் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது.

காரணம் எளிது. உளுந்தைக் குவித்தால் அது ஒரே சாய்வில்தான் நிற்கும். பாத்திரத்தின் வாய் அகலமானால் குவியலின் அடி அகலமாகும், அதோடு உயரமும் கூடும். வாய் இரண்டு மடங்கானால் குவியல் எட்டு மடங்காகிவிடும். நம் பாட்டிமார் சொன்ன அளவில் தப்பே இல்லை. வாய் குறுகிய ஆழாக்கும் டம்ளரும் எல்லார் வீட்டிலும் இருந்த காலத்தில், அதைவிடச் சுலபமாக ஞாபகம் வைக்கக்கூடிய அளவு வேறு கிடையாது. ஆனால் அந்த அளவுக்குள் ஒரு பாத்திரம் ஒளிந்திருக்கிறது. பாத்திரம் மாறினால் அளவும் மாறிவிடும்.

அதனால் நான் இப்போது சொல்வது இப்படி: அரிசியின் எடையில் எட்டில் ஒரு பங்கு உளுந்து. 200 கிராம் பச்சரிசிக்கு 25 கிராம் தோல் நீக்கிய முழு உளுந்து. தராசு இல்லாதவர்களுக்கு, 240 மில்லி கப்பில் தலை தட்டி அரிசி, 15 மில்லி மேசைக்கரண்டியில் தலை தட்டி இரண்டு கரண்டி உளுந்து. "15 மில்லி" என்று வாய்விட்டுச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி. அங்கே நம் பார்வையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எடையைச் சொன்ன பிறகு, அப்பத்தாவின் கோபுர அளவையும் டம்ளரோடு காட்டுகிறேன். அதை விடக்கூடாது. ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிற இடம் அதுதான்.

இனி இதே பணியாரத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்கிறேன், மற்ற சமையலுக்கும் இதே வழிதான். அரிசியையும் உளுந்தையும் சேர்த்துக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து மிக்சியில் நைசாக அரைக்க வேண்டும். மிக்சி சூடானால் மாவும் சூடாகும், அதனால்தான் குளிர்ந்த தண்ணீர். உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு மூன்று டீஸ்பூன் பால். புளிக்க வைக்கக் கூடாது, அரைத்த உடனே ஊற்ற வேண்டும். இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் மில்லி கணக்கில் சொல்ல மாட்டேன். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும், புது அரிசி குறைவாகக் குடிக்கும். அதை எண்ணில் சொன்னால் பாதிப் பேருக்குத் தப்பாகிவிடும். அந்த இடத்தில்தான் கேமரா வேலை செய்ய வேண்டும். கரண்டியில் மாவை எடுத்துச் சாய்த்து, அது விழுவதைப் பக்கத்தில் இருந்து பத்து வினாடி வெட்டாமல் காட்டுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் தளர்வு, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. நாடா மாதிரி விழுந்து, விழுந்த இடத்தில் ஒரு மடிப்பு நின்று மெல்ல அடங்க வேண்டும். அப்புறம் வேண்டுமென்றே தண்ணீர் கூட்டிய மாவையும், கெட்டியான மாவையும் அதே மாதிரி ஊற்றிக் காட்டுங்கள். மூன்றையும் பார்த்தவருக்குத் தன் மாவு எது என்று தெரிந்துவிடும்.

அடுப்பும் அப்படியே. "மிதமான தீ" என்பது கேஸ் அடுப்புக்காரருக்கு மட்டும் புரிகிற சொல். வெளிநாட்டில் பலருக்கு மின் அடுப்பு. தீயே கண்ணுக்குத் தெரியாது, குறைத்தாலும் சூடு இறங்க நேரமாகும். அதனால் தீயைச் சொல்லாமல் எண்ணெயைச் சொல்லுங்கள். ஒரு சொட்டு மாவை விட்டால் அது நிறம் மாறாமல் உடனே மேலே வர வேண்டும். வெப்பமானி வைத்திருக்கிறவருக்கு 170 டிகிரி செல்சியஸ் பக்கம். சின்ன வாணலி, குழிக்கரண்டியால் ஒரே ஊற்று, ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஊற்றிய மாவு அடியில் போய் இரண்டு மூன்று வினாடியில் எழும்பி, ஓரம் மெல்லிசாக விரிந்து, நடுவில் உப்ப வேண்டும். கரண்டியால் சூட்டெண்ணெயை மேலே தள்ளிவிட்டு, திருப்பிப் போட்டு, வெள்ளை மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். அந்த எழும்புகிற நொடியைப் பாட்டு இல்லாமல், எண்ணெய்ச் சத்தத்தோடு விடுங்கள். என் வீடியோவுக்கு யூடியூப் ஸ்டூடியோவில் வருகிற வரைபடத்தில், பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் அதுதான். அந்த வரைபடத்தில் மேடு தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது பிடித்திருக்கிறது. இன்னொன்று, சொன்னது காதில் விழவில்லை, புரியவில்லை. அளவு சொல்கிற இடத்தில் மேடு இருந்தால் நான் இரண்டாவது காரணம் என்றே எடுத்துக்கொண்டு, அடுத்த வீடியோவில் அளவை நிறுத்திச் சொல்கிறேன்.

தப்பாக வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு நிமிடமாவது ஒதுக்குங்கள். முதல் பணியாரம் எண்ணெய் குடித்தால் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி இரண்டாவதை ஊற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் குடித்தால் சூடு காரணமில்லை, உளுந்து கூடியிருக்கிறது அல்லது மாவு நேரமாகிவிட்டது. உளுந்து கூடியதற்கு அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி கலந்தால் ஓரளவு சரியாகும். நேரமாகிப் புளித்த மாவுக்கு நான் அறிந்து மருந்து இல்லை, அதைத் தோசையாக ஊற்றிவிடலாம். உப்பாமல் கல் மாதிரி வந்தால் உளுந்து குறைவு அல்லது மாவு கெட்டி. எண்ணெயில் பரவி ஓட்டை ஓட்டையாக உடைந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இந்தப் பகுதி ஊர்க்காரர்களுக்கும் தேவைப்படுகிறது. "தெரிந்ததுதானே" என்கிறவருக்குச் செய்முறை தெரியும், ஏன் ஒரு நாள் நன்றாக வந்து ஒரு நாள் வரவில்லை என்பது பல பேருக்குத் தெரியாது.

இரண்டு பேரையும் ஒரே வீடியோவில் வைத்துக்கொள்ள, விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புப் போட்டுவிடுங்கள். முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்பு இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் யூடியூப் அதை அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும். என்னுடையது இப்படி இருக்கும்:

```
0:00 நல்ல பணியாரம் எப்படி இருக்கும்
0:40 அரிசி, உளுந்து எடை
2:10 ஊறவைத்து அரைப்பது
4:05 மாவின் பதம்
5:30 எண்ணெயில் ஊற்றுவது
7:20 தப்பாக வந்தால்
8:40 வரமிளகாய்த் துவையல்
```

தெரிந்தவர் நேரே 7:20-க்குப் போய்விடுவார். தெரியாதவர் முழுக்கப் பார்ப்பார்.

சொற்களுக்கு வருகிறேன். நாம் பேசுகிற தமிழ் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் விவரம் தெரிந்தது. நம் சோம்பு அவர்களுக்குப் பெருஞ்சீரகம், பூண்டு அவர்களுக்கு உள்ளி, வரமிளகாய் அவர்களுக்குச் செத்தல் மிளகாய். முதல் தடவை பெயர் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லி, பொருளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினால் போதும். உங்கள் பேச்சை மாற்ற வேண்டாம், காரைக்குடிப் பேச்சுக்காகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதால் புரியும், எழுத்து தெரியாது. திரையில் "இருநூறு கிராம்" என்று எழுத்தில் போட்டால் அவர்களுக்குப் பயனில்லை. 200 என்று இலக்கத்தில் போட்டு, வாயாலும் சொல்லுங்கள்.

சொல்லால் வருகிற பெரிய விபத்து மிளகாய்த்தூள்தான். நம் வீடுகளில் மிளகாய், மல்லி எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்து வைத்திருக்கும் குழம்புத்தூளையும் பல பேர் "மிளகாய்த்தூள்" என்றே சொல்கிறோம். அம்மா கேமரா முன்னால் "மிளகாய்த்தூள் மூணு ஸ்பூன்" என்று போட்டுவிடுவார். வெளிநாட்டில் இருப்பவர் கடையில் வாங்கிய தனி மிளகாய்த்தூளை மூன்று ஸ்பூன் போட்டால் வாயில் வைக்க முடியாது. உங்கள் வீட்டுத் தூளில் மிளகாயும் மல்லியும் என்ன கணக்கு என்று ஒரு முறை அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கிலேயே தனித்தனித் தூளாகப் பிரித்து, குழம்பு வீடியோ ஒவ்வொன்றிலும் சொல்லுங்கள்.

எந்தச் சமையலை எடுப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் அழுத்தமானது. "செட்டிநாடு சிக்கன்" என்று தொடங்காதீர்கள். நம் வீடுகளில் யாரும் ஒரு குழம்பைச் "செட்டிநாட்டுக் குழம்பு" என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் ஓட்டல் பலகையில் பெரிதானது. அந்தத் தலைப்பில் ஏற்கெனவே எண்ணற்ற வீடியோக்கள் இருக்கின்றன. அதோடு கல்பாசியும் மராட்டி மொக்கும் இல்லாத ஊரில் உட்கார்ந்து அதைச் செய்கிறவர் பாதியைக் கழித்துவிட்டுச் செய்து, வரவில்லை என்பார். கல்பாசி தேடுகிறவருக்கு ஒன்று சொல்லுங்கள்: வட இந்தியச் சாமான் கடையில் "தகட் பூல்" என்று கேட்டால் கிடைக்கும், அதுவேதான்.

நான் தேர்ந்தெடுக்கும் முறை இது. பொருள் எங்கும் கிடைக்க வேண்டும், செய்முறை நம் ஊருக்கே உரியதாக இருக்க வேண்டும். பணியாரம், கும்மாயம், கந்தரப்பம், உக்கரை, கவுனி அரிசி, மண்டி எல்லாம் அந்த வகை. பெரும்பாலும் அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய்க்குள் அடங்கிவிடும். மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும்கூட இவற்றில் பாதி புதுசு. ஊர்ப் பார்வையாளர் என்றால் காரைக்குடி மட்டும் இல்லையே, தமிழ்நாடு முழுக்கத்தான்.

ஆனால் எளிய பொருளிலும் ஊர் மாறினால் சிக்கல் வரும். வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை எடுப்போம், முதல் தண்ணீரில் தூசி இருக்கும். நம் அரிசியில் அது பால் மாதிரி இறங்கும், குழம்புக்கு அந்தத் திடம்தான் உடல். பாக்கெட் பாஸ்மதியைக் களைந்தால் அந்த அளவுக்குத் திடம் இறங்காது, மண்டி ரசம் மாதிரி ஓடும். அவர்களுக்கு இரண்டு கப் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சுவை அச்சாக அதே இல்லை, திடம் கிடைத்துவிடும். பணியாரத்துக்கு அரிசி வாங்கும்போதும் பாக்கெட்டைப் படிக்கச் சொல்லுங்கள். சோனா மசூரியில் பச்சரிசியும் உண்டு, புழுங்கலும் உண்டு. புழுங்கலில் வெள்ளைப் பணியாரம் வராது.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்து வந்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடிப் பேரைத் தொட்டதைப் பார்த்து, நாமும் பெரிய அண்டாவில் செய்யலாமா என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அது பார்த்து மகிழ்வதற்கான சமையல், அதை அவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். நீங்கள் கேட்பது வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கான சேனல். அதற்கு நாலு பேர் சாப்பிடுகிற அளவுதான் சரி. கல்யாணச் சமையலில் இருந்து வந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்: ஐந்நூறு பேருக்கான அளவை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் நாலு பேருக்கான குழம்பு வராது. தண்ணீர் வற்றுவது வேறு, உப்பும் காரமும் ஏறுவது வேறு.

இன்னொன்று. போட்ட வீடியோவை அதே முகவரியில் வைத்துக்கொண்டு கோப்பை மட்டும் மாற்ற யூடியூபில் வழி இல்லை. அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அது அங்கேயே நிற்கும். நான் என் கோபுர உளுந்தைத் திருத்தியது விளக்கப் பகுதியில்தான். அத்தியாயக் குறிப்புகளுக்குக் கீழே இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் இப்படியே போட்டு, நேரத்தையும் திருத்தத்தையும் எழுத வேண்டும்:

```
Correction:
1:15 உளுந்து 25 கிராம் (200 கிராம் பச்சரிசிக்கு)
```

அந்த நேரம் வரும்போது பார்க்கிறவருக்குத் திருத்தம் இருப்பதாகத் திரையில் ஒரு குறிப்பு தோன்றும். அதையே முதல் கருத்தாகவும் ஒட்டி வையுங்கள், கைபேசியில் பார்க்கிறவர்கள் பல பேர் விளக்கப் பகுதியைத் திறப்பதே இல்லை.

இதெல்லாம் சைவத்திலும் பலகாரத்திலும் நான் கண்டது. மீன், நண்டு பக்கம் என் சேனல் அதிகம் போனதில்லை, அதற்கு அந்தச் சமையலில் ஊறியவர்களைக் கேளுங்கள். நீங்கள் அடுத்த வீடியோவுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். அம்மா வழக்கம்போலச் சமைக்கட்டும், அளவு எதையும் கேட்காதீர்கள். ஒவ்வொன்றையும் அவர் கையில் எடுத்து வைத்ததும், சட்டியில் போடுவதற்குள் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாள் எழுதினால் அம்மாவின் கை எங்கே மாறாமல் நிற்கிறது, எங்கே அன்றன்றைக்கு மாறுகிறது என்று தெரியும். மாறாததை எண்ணாகச் சொல்லுங்கள், மாறுவதைக் கேமராவில் காட்டுங்கள். பிறகு அந்தத் தாளைப் பணியாரமே சுட்டறியாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் நில்லுங்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து வந்த என் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். அவர் எட்டு இடத்தில் நிறுத்தி, "மாமா, இது எவ்வளவு நேரம்? இது எந்தக் கரண்டி?" என்று கேட்டார். இப்போது இருக்கும் பணியார வீடியோவில் அந்த எட்டுக்கும் பதில் இருக்கிறது. கனடா அக்கா நாலாவது தடவை 25 கிராம் போட்டுச் சுட்டு, தட்டில் அடுக்கிப் படம் அனுப்பினார். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.